சின்ன மனைக்கு மதிப்பீட்டு அறிக்கை: கிரயப் பத்திரங்களிலிருந்து ஒரு விலைக்கு வருவது எப்படி

மனை மதிப்பீட்டு அறிக்கையைக் கையில் வாங்குகிறவர் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுவார். தொகை அங்கேதான் இருக்கும். ஆனால் பாங்கிலோ கோர்ட்டிலோ வருமான வரி அலுவலகத்திலோ அந்த அறிக்கையைச் சோதிக்கிறவர் நடுப்பக்கங்களுக்குப் போவார். எந்த விற்பனைகளோடு ஒப்பிட்டீர்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கூட்டினீர்கள், எவ்வளவு கழித்தீர்கள், எதையெல்லாம் சரிபார்க்காமல் உண்மை என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று பார்ப்பார். அந்தப் பக்கங்களை மட்டும் வைத்துக்கொண்டு அவரே கணக்குப் போட்டால் உங்கள் தொகை வர வேண்டும். வராவிட்டால் அந்த அறிக்கை வெறும் அபிப்பிராயம்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் சிவில் இன்ஜினியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். சொந்த மனைக்கு அறிக்கை வாங்கி, அது சரியா என்று பார்க்க நினைப்பவர்களுக்கும் பயன்படும். தமிழ்நாட்டில் டிடிசிபி அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். கட்டிடம் இல்லை, காலி மனை. விலைகள் எல்லாம் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் ஊரில் வேறாக இருக்கும்.

முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகள்

எதற்காக மதிப்பீடு, எந்தத் தேதிக்கு மதிப்பீடு? இந்த இரண்டும் தெரியாமல் டேப்பை எடுக்காதீர்கள். வீட்டுக் கடனுக்கு என்றால் இன்றைய சந்தை மதிப்பு. பூர்வீக நிலத்தை விற்ற லாபத்துக்கு வரி கணக்கிட என்றால் பெரும்பாலும் 1-4-2001 அன்றைய மதிப்பைக் கேட்பார்கள். அதற்கு அந்தக் காலத்து விற்பனைகளைத் தேட வேண்டும். இன்றைய விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே போவது செல்லாது. தவிர, அந்த 2001 மதிப்பு அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஒரே மனைக்கு நோக்கம் மாறினால் தொகையும் மாறும். அதனால் இரண்டையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கையெழுத்து யார் போடலாம் என்பதும் நோக்கத்தைப் பொறுத்தது. கம்பெனிச் சட்டம், திவால் சட்டம் தொடர்பானது என்றால் இந்தியத் திவால் வாரியமான ஐபிபிஐ-யில் நிலம், கட்டிடம் பிரிவில் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் வேண்டும். வரி விவகாரம் என்றால் வருமான வரித்துறையில் பதிவு பெற்றவர். கடனுக்கு என்றால் அந்த பாங்கின் பேனலில் இருப்பவர்.

மனையில் நின்று பார்க்க வேண்டியது

பத்திரம், பட்டா, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், புலப்படம் ஆகிய நான்கின் நகலையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் மனையை அடையாளம் காண வேண்டும். மனை எண் கல் இருக்கிறதா? இல்லையென்றால் வரைபடத்தில் உள்ள பூங்கா இடத்திலிருந்தோ ரோட்டு முனையிலிருந்தோ மனைகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். உரிமையாளர் கை காட்டிய இடத்தை அப்படியே அளந்துவிட்டு வருவதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் விபத்து. பக்கத்து மனையை மதிப்பிட்ட அறிக்கைகள் நிறைய உண்டு. பத்திரத்தில் உள்ள செக்குபந்தியோடு நான்கு பக்கமும் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள்.

அளக்கும்போது நான்கு பக்கத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்துவிடுங்கள். நம் மனைக்குப் பத்திரத்தில் 30-க்கு 40, மொத்தம் 1,200 சதுர அடி என்று இருக்கிறது. டேப் போட்டால் முகப்பு 30 அடி, பின்பக்கம் 30, கிழக்குப் பக்கம் 40, மேற்குப் பக்கம் 39 அடிதான் வருகிறது. ஒரு மூலைவிட்டம் சரியாக 50 அடி. இன்னொன்று 49 அடி 2 அங்குலம். அதாவது முகப்பு நேராக இருக்கிறது, பின்எல்லை சாய்ந்திருக்கிறது. பரப்பு 30 × 39.5 = 1,185 சதுர அடி. பட்டாவை எடுத்துப் பாருங்கள். 0 ஹெக்டேர் 1.10 ஏர் என்று இருக்கிறது. ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக 110 சதுர மீட்டர், சுமார் 1,184 சதுர அடி. அளவும் பட்டாவும் ஒத்துப்போகின்றன, பத்திரம்தான் கூடுதலாகச் சொல்கிறது. இப்படி மூன்றும் வேறாக வந்தால் குறைவானதை எடுத்துக்கொள்வது வழக்கம். பட்டாவுக்கும் டேப்புக்கும் ஒரு சதுர அடி வித்தியாசம் என்பது அளவை முழுமையாக்கியதில் வருவது, அதை விட்டுவிடலாம். இங்கே 1,185 என்று எடுத்து, 15 சதுர அடி ஏன் குறைந்தது என்பதை ஒரு வரியில் எழுதுகிறோம்.

அப்புறம் ரோடு. சில இடங்களில் வரைபடத்தில் 23 அடி ரோடு என்று இருக்கும், நேரில் இரண்டு பக்கமும் படிக்கட்டு இறங்கி 17 அடிதான் மிஞ்சியிருக்கும். அதையும் அளந்து எழுதுங்கள். தலைக்கு மேலே உயர் அழுத்த மின்கம்பி போகிறதா, பக்கத்தில் வாய்க்கால் உண்டா என்று பாருங்கள். ரோட்டு மட்டத்திலிருந்து மனை எவ்வளவு பள்ளம் என்பதை மட்டும் கண்ணால் அளக்காதீர்கள். டியூப் லெவல் போதும். நம் மனை முக்கு மனை அல்ல, 23 அடி ரோட்டில் இருக்கிறது, சராசரியாக இரண்டரை அடி பள்ளம்.

ஒப்பீட்டு விற்பனைகளைத் தேடுவது

காலி மனைக்கு மதிப்புக் காண இருக்கும் வழிகளில் ஒப்பீட்டு முறைதான் பொருத்தமானது. வாடகை வராத மனைக்கு வருமான முறை சரிப்படாது. பெரிய நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றால் என்ன வரும் என்று கணக்கிடுகிற முறை, இவ்வளவு சின்ன இடத்துக்குத் தேவையில்லை. ஏன் இந்த முறை என்று அறிக்கையில் இரண்டு வரி எழுதினால் போதும்.

பக்கத்தில் என்ன விலைக்குப் போனது என்பதை எங்கே தேடுவது? tnreginet.gov.in தளத்தில் வில்லங்கச் சான்றைப் பார்வையிடலாம். உங்கள் மனைக்கு மட்டும் போடாமல், அந்த மனைப்பிரிவின் சர்வே எண்களுக்கே கடைசி இரண்டு வருடத்துக்குப் போடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் தேதி, ஆவணத்தின் தன்மை, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், பரப்பு எல்லாம் இருக்கும். கூடவே இரண்டு தொகைகள்: கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு. இந்த இரண்டாவதைப் பார்த்துத்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். அங்கே 'சந்தை மதிப்பு' என்று போட்டிருப்பது முத்திரைத் தீர்வை கணக்கிட எடுத்துக்கொண்ட தொகை. பெரும்பாலும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே இருக்கும். சந்தையில் கைமாறிய விலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை.

வழிகாட்டி மதிப்பு அரசாணையால் ஏறுவது, இறங்குவது. 2017 ஜூனில் தமிழகம் முழுவதும் அதை 33 சதவீதம் குறைத்தார்கள். அதற்காக எந்த ஊரிலும் மனை விலை ஒரே இரவில் மூன்றில் ஒரு பங்கு இறங்கவில்லை. அதனால் வழிகாட்டி மதிப்பை அறிக்கையில் தனியாகக் குறிப்பிடுங்கள், பாங்க் கேட்கும். ஆனால் அதைச் சந்தை விலைக்குச் சான்றாக வைக்காதீர்கள்.

கைமாற்றுத் தொகையையும் அப்படியே நம்ப முடியாது என்பதுதான் நம் ஊர்ச் சிக்கல். தீர்வையை மிச்சம் பிடிக்க, வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போட்டு மீதியை வெளியே கொடுப்பார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? கைமாற்றுத் தொகையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 900 ரூபாய் என்றால், வரிசையாகப் பல பத்திரங்கள் சரியாக 900-க்கே வந்து நிற்கும். வேறு வேறு அளவு, வேறு வேறு ரோடு, வேறு வேறு மாதம், விலை மட்டும் பைசா மாறாமல் ஒன்று. அது விலை அல்ல. அப்படிப்பட்ட பத்திரங்களை ஒதுக்கிவிட்டு, ஒதுக்கியதற்கான காரணத்தை எழுதுங்கள். குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், பாங்க் ஏலம் ஆகியவையும் இந்தக் கணக்கில் வராது.

நம்பத்தக்கவை எவை? வழிகாட்டி மதிப்பைவிடத் தெளிவாகக் கூடுதலாகப் போட்ட கிரயங்கள். அவற்றிலும், கிரயம் முடிந்த கையோடு அதே மனைக்கு பாங்கின் பெயரில் உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு பதிவாகியிருந்தால், அது கடனில் வாங்கிய மனை. கடன் கூடுதலாகக் கிடைக்க வேண்டுமென்றால் விலையைப் பத்திரத்தில் காட்டியாக வேண்டும், ஆகவே அந்தத் தொகை உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். ஆனால் ஒப்படைப்பில் உள்ள கடன் தொகையை மனை விலை என்று நினைத்துவிடாதீர்கள். வீடு கட்டும் கடனும் அதில் சேர்ந்திருக்கலாம். முடிந்தால் வாங்கியவரிடமே ஒரு தடவை பேசிவிடுங்கள். புரோக்கர் சொல்லும் விலை கேட்கும் விலைதான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒப்பீட்டு அட்டவணைக்குள் கொண்டுவராதீர்கள்.

நம் மனைக்குத் தேடியதில் ஐந்து கிடைத்தன. ஒன்று சரியாக 900 ரூபாய்க்குப் பதிவானது, ஒதுக்கியாயிற்று. இன்னொன்று எதிர்ப்பக்கத்தில் உள்ள அங்கீகாரமில்லாத மனை. அதைச் சதவீதம் போட்டுச் சரிக்கட்ட முடியாது. அதற்கு பாங்க் கடன் கிடைப்பதே சிரமம் என்பதால் வாங்குகிற ஆட்களே வேறு, அதுவும் ஒதுக்கம். மிஞ்சியவை மூன்று.

முதல் விற்பனை: அதே மனைப்பிரிவு, முக்கு மனை, 30 அடி ரோடு, 1,500 சதுர அடி, 8 மாதத்துக்கு முன் 24,00,000 ரூபாய். சதுர அடி 1,600.

இரண்டாவது: பக்கத்து மனைப்பிரிவு, 23 அடி ரோடு, 1,200 சதுர அடி, 3 மாதத்துக்கு முன் 16,20,000. சதுர அடி 1,350. மெயின் ரோட்டிலிருந்து நம் மனையைவிட அரை கிலோமீட்டர் தள்ளி உள்ளே இருக்கிறது.

மூன்றாவது: அதே மனைப்பிரிவு, 23 அடி ரோடு, ஒரு முழு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி, 14 மாதத்துக்கு முன் 30,00,000. சதுர அடி 1,250.

மூன்றும் ரோட்டு மட்டத்தில் உள்ளவை. நேரில் போய்ப் பார்த்தால்தான் இது தெரியும், பத்திரம் சொல்லாது.

சரிக்கட்டுவது

இங்கே ஒரே விதி: ஒப்பீட்டு மனையைத்தான் நம் மனை போல ஆக்க வேண்டும். அது நம்முடையதைவிட மேலானதாக இருந்தால் அதன் விலையில் கழிக்க வேண்டும். மட்டமாக இருந்தால் கூட்ட வேண்டும். நம் மனையின் விலையில் எதுவும் செய்வதில்லை. அவசரத்தில் இது தலைகீழாகிவிடும், முக்கு மனைக்குக் கூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் 'அது மேல்' அல்லது 'நம்முடையது மேல்' என்று பென்சிலால் எழுதிக்கொண்டு குறி போடுங்கள்.

முதலில் காலம். ஆண்டுக்கு 6 சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறோம். அது எங்கிருந்து வந்தது? அதே மனைப்பிரிவில் ஒரே மனை இரண்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை நம்பத்தக்க விலைக்குக் கைமாறியிருந்தால், அந்த வித்தியாசத்தைப் பிரித்தாலே ஆண்டு ஏற்றம் கிடைக்கும். முக்குக்கும் ரோட்டு அகலத்துக்கும்கூட இதே வழிதான்: ஒரே சமயத்தில் விற்ற இரண்டு மனைகளில் ஒரே ஒரு வேறுபாடு மட்டும் இருந்தால், விலை வித்தியாசம் அந்த வேறுபாட்டின் விலை. அப்படி ஜோடி கிடைக்காவிட்டால் உள்ளூரில் விசாரித்த அளவில் இது என் கணிப்பு என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

முதல் விற்பனைக்கு 8 மாதத்துக்கு 4 சதவீதம் கூட்டினால் 1,664. முக்குக்கு 7, அகலமான ரோட்டுக்கு 5, ஆக 12 சதவீதம் கழித்தால் 1,464.

இரண்டாவதற்கு 3 மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் கூட்டினால் 1,370. உள்ளே தள்ளியிருப்பதால் 5 சதவீதம் கூட்டினால் 1,439.

மூன்றாவதற்கு 14 மாதத்துக்கு 7 சதவீதம், 1,337.50. பெரிய மனைக்குச் சதுர அடி விலை குறைவாகத்தான் போகும், வாங்கக் கூடியவர்கள் குறைவு என்பதால். அதனால் அளவுக்கு 6 சதவீதம் கூட்டினால் 1,418.

தொடக்கத்தில் 1,250-க்கும் 1,600-க்கும் இடையே 350 ரூபாய் இடைவெளி இருந்தது. இப்போது 1,418-க்கும் 1,464-க்கும் இடையே 46 ரூபாய். சரிக்கட்டல் வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதுதான் அடையாளம். சரிக்கட்டிய பிறகும் இடைவெளி குறையவில்லை, அல்லது அதிகமாகிவிட்டது என்றால், ஒன்று குறியைத் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது ஏதோ ஒரு விற்பனை ஒப்பிடத்தக்கதே அல்ல. சதவீதங்களை இழுத்துப் பிடித்து மூன்றையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவந்தாலும் தப்புதான். மூன்றும் 1,440 என்று வந்த அறிக்கையைப் பார்த்தாலே சோதிக்கிறவருக்குச் சந்தேகம் வரும்.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது சுலபம், ஆனால் சரியல்ல. குறைவாகக் கை வைத்த விற்பனைக்கு அதிக எடை தர வேண்டும். கூட்டியது, கழித்தது எல்லாவற்றையும் குறி பார்க்காமல் சேர்த்தால் முதலாவதில் 16 சதவீதம், இரண்டாவதில் 6.5, மூன்றாவதில் 13. எனவே எடை முறையே 20, 50, 30. கணக்குப் போட்டால் சதுர அடிக்கு 1,438 ரூபாய்.

1,185 சதுர அடிக்கு 17,04,030 ரூபாய்.

இனி பள்ளம். இதைச் சதவீதமாகப் போடாதீர்கள், செலவாகப் போடுங்கள். 1,185 × 2.5 = 2,962 கன அடி. அமுங்குவதற்கு 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 3,400 கன அடி, அதாவது 34 யூனிட் கிராவல். கொட்டி நிரவி யூனிட்டுக்கு 1,600 ரூபாய் என்றால் 54,400. இதைக் கழித்தால் 16,49,630. முழுமையாக்கி 16,50,000. வழிகாட்டி மதிப்பில் இதே மனை 10,66,500 ரூபாய்தான் வரும். இதையும் அடுத்த வரியில் எழுதுங்கள். முழுமையாக்குவதைக் கடைசியில் ஒரு தடவைதான் செய்ய வேண்டும். 16,49,630 என்று ரூபாய் வரைக்கும் எழுதினால், இல்லாத துல்லியத்தைக் காட்டுவதாகிவிடும்.

அனுமானங்களை எழுதுவது

பெரும்பாலான அறிக்கைகளில் இந்தப் பகுதி ஏற்கெனவே அச்சடித்த ஒரு பக்கம். எந்த மனைக்கும் அதையே ஒட்டுவார்கள். தாமிரபரணிக் கரையில் உள்ள மனைக்கும் ஓசூர் மேட்டு நிலத்துக்கும் ஒரே பக்கம் என்றால் அதில் யாருக்கும் எந்தத் தகவலும் இல்லை. இந்த மனைக்கு, இந்த வேலையில், எதை நான் சரிபார்க்கவில்லை என்பதுதான் அங்கே இருக்க வேண்டும்.

நம் மனைக்கு இப்படி எழுதலாம்:

"உரிமை குறித்து வழக்கறிஞரின் கருத்துரையை நம்பியுள்ளேன்; மூல ஆவணங்களை நான் ஆராயவில்லை. மனையின் எல்லை, அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைக் கொண்டும் தளத்தில் உள்ள மூன்று கற்களைக் கொண்டும் அடையாளம் காணப்பட்டது. வடமேற்குக் கல் இல்லை. சர்வேயர் அளந்து எல்லை மாறினால் பரப்பும் மதிப்பும் மாறும். மண் பரிசோதனை செய்யப்படவில்லை. ஒப்பீட்டு விற்பனைகளின் விலை பத்திரங்களில் உள்ளபடி எடுக்கப்பட்டது. இரண்டாவது விற்பனையின் விலை மட்டும் வாங்கியவரிடம் கேட்டு உறுதி செய்யப்பட்டது. விலை ஏற்றம் ஆண்டுக்கு 6 சதவீதம் எனக் கொள்ளப்பட்டது."

கடைசி வரியோடு நிறுத்தாமல், அது பொய்த்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். ஏற்றமே இல்லை என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைத் திரும்பப் போட்டால் சதுர அடிக்கு 1,388 வருகிறது. மனை மதிப்பு சுமார் 15,90,000. அதாவது அந்த ஒரு அனுமானத்தின் மேல் 60,000 ரூபாய் நிற்கிறது. இதைப் படிக்கிற பாங்க் மேனேஜருக்கு எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அப்போதுதான் தெரியும். கிராவல் விலை 200 ரூபாய் ஏறினால் மாறுவது 6,800 தான். அதற்கெல்லாம் தனிக் கணக்கு வேண்டாம்.

இன்னொரு வகை அனுமானம் உண்டு: இன்று இல்லாததை இருப்பதாக வைத்துக்கொள்வது. 'மண் அடித்து மேடாக்கிவிட்டால்', 'பைபாஸ் திறந்துவிட்டால்', 'அங்கீகாரம் வந்துவிட்டால்' என்பதெல்லாம் இந்த வகை. சர்வதேச மதிப்பீட்டுத் தரநிலைகள் இதைச் சிறப்பு அனுமானம் என்று தனியாகவே பிரிக்கின்றன. கேட்டால் போட்டுக் கொடுக்கலாம், ஆனால் இன்றைய நிலையில் உள்ள மதிப்பும் அருகிலேயே இருக்க வேண்டும். நம் மனைக்கு மேடாக்கிய நிலையில் 17,04,000, உள்ளபடி 16,50,000. இரண்டில் முதலாவதை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, மேடாக்கியதாகக் கொள்ளப்பட்டது என்பதைப் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுவது ஏமாற்று வேலை.

"சார், பாங்க்ல இருபது லட்சம் வேணும், கொஞ்சம் பார்த்துப் போடுங்க" என்று உரிமையாளர் கேட்பார். கேட்கத்தான் செய்வார்கள். 20 லட்சம் என்றால் மேடாக்கிய நிலையிலேயே சதுர அடிக்கு 1,688 வர வேண்டும். அந்த விலைக்குப் போன ஒரு கிரயத்தின் ஆவண எண்ணைக் கொடுங்கள், அட்டவணையில் நான்காவதாகச் சேர்த்துச் சரிக்கட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். சில சமயம் நமக்குத் தெரியாத நல்ல விற்பனை ஒன்றைக் கொண்டுவந்தும் கொடுப்பார்கள். அப்போது தொகை நியாயமாகவே மாறும். கொண்டுவராவிட்டால் 16,50,000 தான்.

இணைப்பாக மனையின் அளவுப் படம், நான்கு பக்கப் புகைப்படங்கள், ஒப்பீட்டு விற்பனைகளின் ஆவண எண்களும் தேதிகளும், ஒதுக்கிய இரண்டின் விவரம், மூன்று மனைகளையும் நம் மனையையும் குறித்த வரைபடம் ஆகியவை போதும். வாங்கியவர், விற்றவர் பெயர்களை அட்டவணையில் போட வேண்டியதில்லை. மனையைப் பார்த்த தேதியும் மதிப்பீட்டுத் தேதியும் கையெழுத்திட்ட தேதியும் வேறு வேறாக இருந்தால் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்.